அரை டீஸ்பூன் உப்புக்கு எத்தனை மதிப்பெண்?

டர்பனில் நர்சிங் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த துண்டுப்பிரசுரம் அது. ஏ4 தாளை மூன்றாக மடித்து, ஆறு பக்கமாக்கியிருந்தார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டிலேயே சர்க்கரை-உப்பு நீர் கலந்து கொடுப்பது எப்படி என்பதுதான் பொருள். நம் டர்பனுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் பக்கம் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி, மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை வாளியில் பிடித்துக் குடித்த வீடுகள் இன்னும் அதை மறக்கவில்லை. மதிப்பீட்டுத் தாளில் மூன்று தலைப்புகள்: எளிய மொழிக்கு 10, தகவல் சரியாக இருப்பதற்கு 10, செய்முறை தெளிவாக இருப்பதற்கு 10. உட்கார்ந்து வாசித்துப் போட்ட முதல் மதிப்பெண் 8, 9, 6. மொத்தம் 30க்கு 23. தாராளமான தேர்ச்சி. ஆனால் அந்தத் தாளைப் பார்த்துக் கலந்த நீர் ஒரு குழந்தையை வலிப்பில் தள்ளியிருக்கும். 23 மதிப்பெண் எப்படி வந்தது, எங்கே உடைந்தது என்பதைப் பார்த்தால், இந்த வகைத் தாள்களைத் திருத்துவதில் நாம் வழக்கமாக எதைத் தவறவிடுகிறோம் என்பது தெரியும்.

எளிய மொழி என்ற தலைப்பில் 8 கிடைத்ததற்குக் காரணம், கணினி சொன்ன எண். ஆங்கில உரையை ஒட்டினால் அது எந்த வகுப்பு மாணவருக்குப் புரியும் என்று சொல்லும் சூத்திரங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றை மாணவி பயன்படுத்தியிருந்தார்; ஆறாம் வகுப்பு என்று வந்தது. நோயாளிகளுக்கான தாள்களுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவதும் அந்த அளவுதான். ஆனால் அந்தச் சூத்திரம் எண்ணுவது இரண்டே விஷயம்: ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல், ஒரு சொல்லில் எத்தனை அசை. வாக்கியத்தை நறுக்கினால் எண் இறங்கிவிடும். தலைப்பில் மட்டும் ‘குழந்தை நோயாளிகளில் தீவிர இரைப்பைக் குடல் அழற்சியின் மேலாண்மை’ என்ற பொருளில் ஒரு மருத்துவத் தொடரை வைத்துவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் மூன்று நான்கு சொல் வாக்கியங்களாக வெட்டியிருந்தார். சூத்திரம் மகிழ்ந்துவிட்டது. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வயிற்றுப்போக்கை ‘ரன்னி டம்மி’ என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் தாளில் எங்குமே இல்லை. இன்னொரு வேடிக்கை: வயிற்றுப்போக்குக்கான ஆங்கிலச் சொல்லில் அசைகள் அதிகம், அதனால் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் எண் ஏறும். ‘அரை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு ஓரசைதான். அதை எழுத்தாக எழுதினாலும் எண்ணாகப் போட்டாலும் சூத்திரத்துக்கு ஒன்றே. அங்கேதான் ஆபத்து உட்கார்ந்திருந்தது. (தமிழில் எழுதிய தாளுக்கு இந்தச் சூத்திரங்களைப் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ‘கொடுக்கவேண்டியிருக்கும்’ என்று ஒரே சொல்லாக எழுதும் மொழிக்கு ஆங்கில அசைக் கணக்கு ஒத்துவராது.)

தகவலுக்குப் போட்ட 9ஐப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதில் ஒன்றைக் குறைத்தது சர்க்கரைக்காக. மாணவி ஒரு லிட்டர் நீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று எழுதியிருந்தார். வெளிநாட்டுத் தாள்களில் பரவலாகக் காணப்படும் அளவு அது. தென்னாப்பிரிக்கக் கிளினிக்குகளில் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பது 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டில் எது ‘சரி’ என்று கேட்டால், இரண்டுமே வேலை செய்யும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம். ஆகவே ஒன்றில் 24 கிராம், மற்றதில் 32 கிராம். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. நீர் அவற்றின் பின்னால் போகிறது. சர்க்கரை சற்றுக் குறைந்தாலும் கூடினாலும் அந்த வேலை நடக்கும். மிக அதிகமானால்தான் சர்க்கரை குடலுக்குள்ளேயே நின்று நீரை எதிர்ப்பக்கம் இழுத்துப் போக்கைக் கூட்டும். கோலா, பழச்சாறு கொடுக்காதே என்பதற்குக் காரணம் அதுதான். எனவே 6 என்பது உடல்நலப் பிழை இல்லை. ஆனால் கிளினிக் சுவரில் 8 என்றும் கையில் உள்ள தாளில் 6 என்றும் இருந்தால், தாய் இரண்டையுமே நம்பமாட்டாள். அதற்காக ஒரு மதிப்பெண் போனது நியாயம். அதற்கு மேல் குறைக்கக் கூடாது.

உப்பு அப்படியல்ல. தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு சுமார் 3 கிராம். ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 50 மில்லிமோல் அளவுக்கு வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பாக்கெட் கரைசலில் அது 75. ஆக வீட்டுக் கலவை வேண்டுமென்றே கொஞ்சம் நீர்த்தது; கை தவறினாலும் தாங்குவதற்கு அதில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் பெரியது இல்லை.

ஆயா கலந்த நீர்

செய்முறைத் தாளைத் திருத்த வாசித்தால் போதாது. அதைச் செய்யாத ஒருவரிடம் கொடுத்து, பொருள்களையும் வைத்துவிட்டு, வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். கெட்டில், சமையலறை இழுப்பறையில் இருக்கும் ஸ்பூன்கள் அத்தனையும், சர்க்கரை டப்பா, உப்பு, இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று, ஒரு லிட்டர் பால் பாட்டில் ஒன்று. இவ்வளவுதான் வேண்டும். கேள்வி கேட்டால் ‘தாளில் என்ன இருக்கிறதோ அதைச் செய்யுங்கள்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்தத் தாளைப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எழுபது வயது ஆயா ஒருவரிடம் கொடுத்தார்கள். நன்றாக ஆங்கிலம் வாசிப்பவர். கோவிலில் ஆடி மாதக் கூழுக்குப் பெரிய அண்டாவில் கணக்குப் பார்த்து உப்புப் போடுகிறவர். முதலில் சர்க்கரையை எண்ணினார், சரியாக ஆறு. பிறகு உப்புக்கு வந்தபோது தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். ஒரு டீஸ்பூன் முழுதாகப் போட்டார். இன்னொன்றை எடுத்துப் பாதியைக் கொட்டினார். ஏன் என்று பிறகு கேட்டபோது சொன்னார்: “ஒண்ணுலேர்ந்து ரெண்டுன்னு போட்டிருக்கேம்மா. நான் நடுவுல நிறுத்திக்கிட்டேன்.”

தாளில் இருந்தது 1/2. மாணவியின் கணினித் திரையில் அது அரை. அதை அச்சடித்து, அச்சைப் பிரதி எடுத்து, பிரதியைப் பிரதி எடுத்தபோது நடுவில் இருந்த சாய்கோடு மெலிந்து படுத்துவிட்டது. ஆயா படித்தது 1-2. ஒன்றரை டீஸ்பூன் உப்பு என்றால் ஏறக்குறைய 9 கிராம். ஒரு லிட்டரில் 9 கிராம் என்பது ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டிலின் உப்பளவு. சோடியம் 154 மில்லிமோல். நம் ரத்தத்தில் இருக்க வேண்டியது 135 முதல் 145. நீர் இழந்து வாடிய கைக்குழந்தை வாய்வழியாக இதைக் குடித்தால், அதன் சின்னச் சிறுநீரகம் அவ்வளவு உப்பை வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் சோடியம் ஏறும். குழந்தை எரிச்சலோடு ஓயாமல் அழும், தாகம் அடங்காது, பாட்டியோ தாகம்தானே என்று இன்னும் அதையே கொடுப்பாள். பிறகு மயக்கம், வலிப்பு. சர்க்கரை நிறையப் போட்டதால் உப்புச் சுவை மறைந்து, குடித்துப் பார்த்தவருக்கும் சந்தேகம் வராது.

மாணவியின் வாதம், ‘நான் சரியாகத்தான் எழுதினேன், அவர்தான் தப்பாகப் படித்தார்’ என்பது. உண்மைதான், கோப்பில் எழுதியது சரி. ஆனால் கிளினிக்கில் வாய்வழியாகச் சொன்னால் தாய் முகத்தைப் பார்த்து ‘அரை ஸ்பூன், பாதி’ என்று சிஸ்டர் இன்னொரு முறை சொல்லிவிடலாம். இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் பிரித்துப் பார்க்கும் தாளில் அந்த வசதி இல்லை. ஆகவே மதிப்பிட வேண்டியது கோப்பை அல்ல, மூன்றாம் பிரதியை. கிளினிக்கில் பிரதி எடுக்கும் எந்திரம் எப்படி இருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருத்துபவர் தானே அந்தத் தாளை மூன்று முறை பிரதி எடுத்துவிட்டுத் திருத்த உட்கார்ந்தால், சாய்கோடு, புள்ளி, மெல்லிய எழுத்து, சாம்பல் நிறப் பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கை எல்லாம் என்னவாகிறது என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் 23 என்ற கூட்டல் கணக்கு கவிழ்கிறது. 30க்குள் பிரித்துப் போடும் முறையில் உப்பளவுக்கு ஒரு மதிப்பெண்தான் ஒதுக்க முடியும். அதை இழந்தாலும் 22. அழகான படத்துக்கும் நல்ல எழுத்துருவுக்கும் கிடைத்தது அதை மூடிவிடும். அதனால் கூட்டலுக்கு வெளியே ஒரு வரி வேண்டும்: தாளைப் பின்பற்றினால் நோயாளிக்குக் கேடு வரும் பிழை ஒன்று இருந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வது. அந்த வரிக்குள் எதை வைப்பது என்பதில் கறாராக இருக்க வேண்டும். 6க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தை அதில் வைத்தால் அது அர்த்தமிழந்துவிடும். வைக்க வேண்டியவை: உப்பளவு, நீரளவு, உடனே கிளினிக்குக்கு ஓட வேண்டிய அறிகுறிகள். குழந்தைக்குப் போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் அதுவும்.

செய்முறையில் 6 ஏன்

செய்முறைக்கு 6 மட்டும் கொடுத்ததில் உப்பைத் தவிர வேறு சிக்கல்களும் இருந்தன. அவற்றில் இரண்டு விரிவாகச் சொல்லத் தகுந்தவை.

முதலாவது வரிசை. தாளில் ‘சர்க்கரையும் உப்பும் சேர்க்கவும்’ என்பது மூன்றாம் படி. ‘கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்தவும்’ என்பது ஆறாம் படிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்ட குறிப்பு. படிப்பவர் மூன்றாம் படியைச் செய்து முடித்துவிட்டுத்தான் ஆறாவதைப் பார்க்கிறார். அப்போது பெரும்பாலோர் செய்வது கலந்ததையே அடுப்பில் வைப்பது. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும், கரைசல் கெட்டியாகும். ஒரு லிட்டர் அளந்து கொதிக்கவைத்து, அதிலேயே கலப்பவர்களுக்கும் இதே கதைதான். எனவே வரிசை இப்படி இருந்தாக வேண்டும்: நீரைக் கொதிக்கவை, ஆறவிடு, ஆறிய பிறகு ஒரு லிட்டர் அள, அதன் பிறகே கலக்கு. அளவு ஆறிய நீருக்கு.

அந்த ஒரு லிட்டரை எதில் அளப்பது என்றும் தாள் சொல்லவில்லை. வீட்டில் அளவுக் குடுவை இருக்காது. குளிர்பானப் பாட்டில் இருக்கும். இரண்டு லிட்டர் பாட்டிலில் முழுதாகப் பிடித்தால் கரைசல் நீர்த்துப்போகும், பெரிய கேடு இல்லை. 500 மில்லி பாட்டிலில் பிடித்து அதே உப்பைப் போட்டால் இரட்டிப்பு. ஆகவே ‘ஒரு லிட்டர் பால் பாட்டிலைக் கழுவி, அதன் கழுத்து வரை’ என்று வீட்டில் இருப்பதையே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, ‘அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுக்கவும்’. இந்த வாக்கியத்தைச் சூத்திரம் விரும்பும். தாய்க்கு இதில் எதுவும் இல்லை. எவ்வளவு, எப்போது, வாந்தி எடுத்தால் என்ன? இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு தண்ணீர்ப் போக்குக்குப் பிறகும் கால் கப் முதல் அரைக் கப், அதாவது 50 முதல் 100 மில்லி. இரண்டு வயதுக்கு மேல் அரைக் கப் முதல் ஒரு கப், 100 முதல் 200 மில்லி. கப்பிலிருந்தோ ஸ்பூனாலோ மடக்கு மடக்காக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வாந்தி பற்றிய வரி இல்லாத தாளைக் கையில் வைத்திருப்பவர் முதல் வாந்தியோடு கொடுப்பதை நிறுத்திவிடுவார். நீர் வற்றுவது அப்போதுதான் வேகம் பிடிக்கும். மாணவியின் தாளில் அந்த வரி இல்லை. கலந்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும் இல்லை.

எச்சரிக்கை அறிகுறிகள் கடைசி மடிப்பின் பின்புறத்தில் இருந்தன. அதில் ‘சோம்பல் நிலை’, ‘உச்சிக்குழி அமிழ்தல்’ என்பவற்றின் மருத்துவச் சொற்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியவை அவை. குழந்தை குடிக்கவே மறுக்கிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் துவண்டு விழுகிறது, கண் குழி விழுந்திருக்கிறது, வலிப்பு. பார்த்தால் தெரிவதைச் சொன்னால் போதும். இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தையை எதற்கும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஓரத்தில் என்ன எழுதுவது

திருத்துபவர் தாளின் ஓரத்தில் ‘தெளிவில்லை’ என்று எழுதுவதால் மாணவிக்கு ஒன்றும் கிடைக்காது. அவருக்கு அது தெளிவாகத்தான் தெரிகிறது. படிப்பவர் என்ன தப்புச் செய்வார் என்பதை எழுத வேண்டும். ‘1/2 என்பது பிரதியில் 1-2 ஆகிறது, இதைப் பார்த்து ஒருவர் ஒன்றரை ஸ்பூன் போட்டார்.’ ‘டீஸ்பூனுக்கும் டேபிள்ஸ்பூனுக்கும் நீங்கள் போட்ட ஆங்கிலச் சுருக்கத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், மாற்றிப் படித்தால் மூன்று மடங்கு.’ ‘இந்தப் படிக்குப் பிறகு அடுப்பில் வைப்பார்கள்.’ இப்படி எழுதினால் திருத்தம் தானாக வந்துவிடுகிறது. மாணவி மறுபடி கொடுத்த தாளின் நடுப்பக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

நீரைக் கொதிக்கவைத்து, மூடி, ஆறவிடுங்கள்.
ஆறிய நீரை ஒரு லிட்டர் பால் பாட்டிலின் கழுத்து வரை ஊற்றுங்கள்.
உப்பு: அரை (பாதி) டீஸ்பூன். கத்தியால் தலைதட்டுங்கள். இதற்கு மேல் வேண்டாம்.
ருசி பாருங்கள். கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.
சர்க்கரை: எட்டு டீஸ்பூன், தலைதட்டி. கரையும் வரை குலுக்குங்கள்.
நாளை இதே நேரத்துக்கு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

உப்பைச் சர்க்கரைக்கு முன்னால் நகர்த்தியது அவருடைய சொந்த யோசனை. இனிப்புச் சேரும் முன்பே நாக்கு உப்பைப் பிடித்துவிடும். அளவு தப்பியதை வீட்டிலேயே கண்டுபிடிக்க வேறு வழி இல்லை. எண்கள் எல்லாவற்றையும் எழுத்தால் எழுதியிருந்தார். உப்பு வரிக்குப் பக்கத்தில் பாதி நிரம்பிய ஸ்பூனின் கோட்டோவியம் ஒன்று, தடித்த கோட்டில், மூன்றாம் பிரதியிலும் தெரியும்படி. பாக்கெட் கிடைத்தால் அதில் அச்சிட்டிருக்கும் நீரளவைப் பார்த்துக் கலக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்திருந்தார். எல்லாப் பாக்கெட்டும் ஒரு லிட்டருக்கானது இல்லை.

இந்த முறை வேறொருவரிடம் கொடுத்தார்கள். ஒரு முறை பார்த்தவர் அடுத்த முறை சோதனைக்கு உதவமாட்டார். இளம் தகப்பன் ஒருவர். நீர், வரிசை, ருசி எல்லாம் சரி. உப்பைக் கத்தியால் தட்டினார். ஆனால் இழுப்பறையிலிருந்து அவர் எடுத்தது டீஸ்பூன் இல்லை, பாயசம் சாப்பிடும் சற்றுப் பெரிய ஸ்பூன். அவர்கள் வீட்டில் தேநீர் கலக்குவது அதில்தான். உப்பு வரிசையில் முன்னால் இருந்ததால் நாக்கில் பட்டது. முகம் சுளித்து, கொட்டிவிட்டு, குறைத்துப் போட்டார். கேடு நின்றது, குறை நிற்கிறது. மருந்து சிரப்போடு வரும் 5 மில்லி பிளாஸ்டிக் ஸ்பூனைப் பயன்படுத்தச் சொல்லலாம், அது கிடைக்காத வீட்டில் என்ன செய்வது என்பதற்கு மாணவியிடமும் திருத்தியவரிடமும் இன்னும் நல்ல வாக்கியம் இல்லை. 9, 10, 8 என்று போட்டு, செய்முறையில் குறைத்த இரண்டுக்கு எதிரே ‘எந்த ஸ்பூன்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்கப்பட்டது.